நாடகத்தில் நேற்று வைத்த பூ இன்று எங்கே? நீண்ட தொடர்களின் தொடர்ச்சிப் பிழைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் வீடுகளில் பின்னேரமானால் நாடகம் ஓடுகிறது. பொடியள் தங்கள் பங்குக்கு யூடியூப்புக்காகத் தொடர் எடுக்கிறார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்கு வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

தொடர்ச்சிப் பிழை எண்டா என்ன? ஆளின்ர சட்டை மாறினாலே அது பிழையோ?

கதைக்குள் நேரம் இடைவெளியில்லாமல் ஓடும்போது, காரணம் இல்லாமல் ஏதாவது மாறினால்தான் பிழை. மனுசி சமையலறையிலிருந்து முற்றத்துக்கு நடந்து வருகிறாள். உள்ளே நீலச் சேலை, வெளியே பச்சைச் சேலை. இது பிழை. அடுத்த நாள் காலையில் பச்சைச் சேலை என்றால் அதில் ஒன்றுமில்லை.

இரண்டு வகையாகப் பிரித்து வைத்தால் விளங்கும். ஒன்று பொருள் பிழை: கோப்பை, பூ, கட்டுப்போட்ட கை, மேசையில் இருந்த போன். மற்றது காலப் பிழை: நாள், மாதம், வயது, பருவம் ஆகியவற்றின் கணக்குப் பிசகுவது. பொருள் பிழை ஒரு காட்சியோடு முடிந்துவிடும். காலப் பிழை தொடர் நீள நீளப் பெருகும். அதனால் எனக்கு இரண்டாவதில்தான் அக்கறை அதிகம். இந்தப் பக்கத்திலும் அதற்குத்தான் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரே காட்சிக்குள்ளயே தேத்தண்ணி கூடிக் குறையுது. இவ்வளவு பேர் நிண்டு எடுக்கேக்க ஒருத்தரும் பாக்கேல்லையோ?

பார்த்திருப்பார்கள். பல சமயம் தெரிந்துதான் விடுகிறார்கள். காட்சியை எடுக்கும் விதத்தைச் சொன்னால் காரணம் புரியும்.

இரண்டு பேர் மேசையில் இருந்து கதைக்கிறார்கள் என்று வையுங்கள். முதலில் இருவரும் தெரியும்படி தூர நின்று முழுக் காட்சியையும் எடுப்பார்கள். பிறகு கமராவை ஒருவரின் தோளுக்குப் பின்னால் வைத்து, மற்றவர் முகத்தைக் காட்டி, அதே உரையாடலை முதலிலிருந்து திரும்ப எடுப்பார்கள். அடுத்து அதையே மறுபக்கத்திலிருந்து. கடைசியில் கை, கோப்பை, போன் என்று சின்னச் சின்னக் கிட்டக் காட்சிகள். ஒவ்வொரு கோணத்துக்கும் மூன்று நான்கு தரம் எடுத்தால், நடிகர் அதே தேநீரைப் பத்துப் பதினைந்து தரம் குடிக்க வேண்டும். ஒரு தரம் "நான் போறன்" என்று சொல்வதற்கு முன் குடிப்பார், இன்னொரு தரம் சொன்ன பிறகு குடிப்பார். இடையில் லைட் மாற்ற அரை மணித்தியாலம் போகும். அதற்குள் கோப்பையை யாராவது நகர்த்தி வைத்துவிடுவார்கள்.

பிறகு வேலை தொகுப்பாளரின் மேசைக்குப் போகிறது. அம்மாவின் கண் கலங்குவது மூன்றாவது தரம் எடுத்ததில்தான் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அதில் கோப்பை நிறைந்திருக்கிறது, முந்திய துண்டில் பாதி. எதை எடுப்பது? ஹொலிவூட் தொகுப்பாளர் வால்ட்டர் மேர்ச், ஒரு துண்டிலிருந்து மற்றத் துண்டுக்கு மாறும் வெட்டைத் தீர்மானிக்க ஆறு விஷயங்களை வரிசைப்படுத்தி மதிப்பும் கொடுத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51 வீதம், கதைக்கு 23 வீதம். யார் எங்கே நிற்கிறார், எது எங்கே இருக்கிறது என்கிற இடத் தொடர்ச்சிக்குக் கடைசி இடம்: 4 வீதம். உணர்ச்சி சரியாக இருந்தால் மற்றது கொஞ்சம் பிசகினாலும் பார்க்கிறவர் ஏற்றுக்கொள்வார் என்பது அவர் கணக்கு. நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். அழுகை உண்மையாக இருக்கும் காட்சியில் கோப்பையைப் பிடித்துத் தொங்குவது நியாயமில்லை.

தினசரி நாடகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நேற்றைய பகுதியின் கடைசி நிமிடம் இன்றைய பகுதியின் தொடக்கத்தில் திரும்ப வரும். அந்த இடத்தில் வேறொரு தரம் எடுத்த துண்டைப் போட்டிருந்தாலோ, வேறொரு நாள் புதிதாக எடுத்திருந்தாலோ, கதவைத் திறந்த கை வலதிலிருந்து இடதுக்கு மாறியிருக்கும், தலையில் இருந்த மல்லிகைப்பூ காணாமல் போயிருக்கும். இரண்டு பகுதிகளின் பொருத்தும் இடத்தைப் பாருங்கள். பிழை பிடிக்க அதைவிடச் சுலபமான இடம் இல்லை.

அப்ப இதைப் பாக்கிறதுக்கெண்டு ஆள் வைக்கிறேல்லையோ?

வைக்கிறார்கள். பெரிய தயாரிப்புகளில் திரைக்கதை மேற்பார்வையாளர் என்று ஒருவர் கமராவுக்குப் பக்கத்திலேயே இருப்பார். எந்தச் சொல்லில் கை தூக்கினார், எந்தச் சொல்லில் கோப்பையை வைத்தார் என்று திரைக்கதைத் தாளிலேயே குறிப்பார். காட்சி முடிந்ததும் உடை, தலைமுடி, மேசை எல்லாவற்றையும் படம் எடுத்து வைப்பார். முந்தி உடனே கையில் வரும் பொலரொய்ட் படம். இப்போது போன் போதும்.

ஆனால் அவர் செய்யும் மிகப் பெரிய வேலை கமராவைத் திறப்பதற்கு முன்பே நடக்கிறது. திரைக்கதை முழுவதையும் வாசித்து, ஒவ்வொரு காட்சிக்கும் கதை நாள் எண் போடுவார்: நாள் 1, இரவு 1, நாள் 2 என்று. ஏன் என்றால் காட்சிகளைக் கதை வரிசையில் எடுப்பதே இல்லை. மாமியார் வீடு வாடகைக்குக் கிடைத்த நாளில், அந்த வீட்டில் நடக்கும் அடுத்த பத்துப் பகுதிகளின் காட்சிகளையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். காலையில் மகள் ஓடிப்போன பிறகு வரும் அழுகை, மத்தியானம் அவள் ஓடிப்போக முந்திய சிரிப்பு. கதை நாள் எண் இல்லாவிட்டால் எந்தக் காட்சிக்கு எந்தச் சேலை என்றே ஒருவருக்கும் தெரியாது.

நான் பாக்கேக்க ஒண்டும் தெரியாது. தங்கச்சி மட்டும் டக்கெண்டு பிடிக்கிறாள். என்ர கண்ணில பிழையோ?

கண்ணில் ஒரு பிழையும் இல்லை. 1997இல் டானியல் லெவின், டானியல் சைமன்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் மேசையில் இருந்து கதைக்கும் ஒரு சின்னப் படம். அதற்குள் வேண்டுமென்றே ஒன்பது பிழைகளை வைத்தார்கள்: கழுத்தில் இருந்த சால்வை வருகிறது, போகிறது, சிவப்புத் தட்டு வெள்ளையாகிறது. பத்துப் பேர் பார்த்தார்கள். முதல் தரம் ஏதோ மாறுகிறது என்று சொன்னவர் ஒரே ஒருவர். "மாற்றம் இருக்கிறது, தேடுங்கள்" என்று சொல்லித் திரும்பப் போட்டபோதும் சராசரியாக இரண்டைத்தான் பிடித்தார்கள். அதே ஆய்வின் அடுத்த பகுதியில் ஒரு வெட்டோடு நடிகரையே மாற்றினார்கள். அதையும் பெரும்பாலானோர் கவனிக்கவில்லை.

நாங்கள் முகத்தையும் கதையையும் பார்க்கிறோம். தட்டை மனம் பதிந்து வைப்பதில்லை. தங்கச்சி ஒருவேளை அந்தப் பகுதியை இரண்டாம் தரம் பார்க்கிறாளாக இருக்கும், அல்லது அவளுக்குக் கதையில் அவ்வளவு ஈடுபாடு இல்லாமல் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு: தனக்குத் தெரிந்த விஷயத்தில் எல்லாரும் கெட்டிக்காரர். தைக்கிற ஆள் சட்டைக் கையைப் பார்ப்பார், நேர்ஸ் சேலைன் ஊசி எந்தக் கையில் என்று பார்ப்பார். வயல் செய்கிறவர் என்ன பார்ப்பார் என்பதற்குக் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

பிடிக்க விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். சத்தத்தை நிற்பாட்டிவிட்டு, பேசுகிறவரைப் பாராமல் கேட்டுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள். பேசுகிறவரின் முகம் எங்களை இழுத்து வைத்திருக்கும். கேட்கிறவரின் கை, பை, தலைமுடி எல்லாம் வெட்டுக்கு வெட்டு மாறுவது அப்போதுதான் கண்ணில் படும்.

நாடகத்தில பொங்கலுக்கு வயித்தில பிள்ளை எண்டவை. வருசத்துக்கும் அதே வயிறு. இதை எப்பிடிக் கணக்குப் பாக்கிறது?

இந்தக் கேள்விதான் காலப் பிழையின் நடுப் புள்ளி. ஒவ்வொரு தினசரி நாடகத்துக்குள்ளும் இரண்டு மணிக்கூடுகள் ஓடுகின்றன. ஒன்று எங்கள் வீட்டு மணிக்கூடு: கிழமைக்கு ஐந்தாறு பகுதி, பகுதிக்கு இருபது நிமிடம் சொச்சம். மற்றது கதையின் மணிக்கூடு. ஒரு கலியாண வீடு கதையில் ஒரு நாள். திரையில் இரண்டு மூன்று கிழமை. ஆகவே கதை எப்போதும் எங்களுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வரும்.

அதில் தவறில்லை. சிக்கல், பெருநாள் வரும்போது. தைப்பொங்கல் அன்று ஒளிபரப்பாகும் பகுதியில் அந்த வீட்டிலும் பொங்க வேண்டும் என்று தொலைக்காட்சிக்காரர் விரும்புவார்கள். அந்த நிமிடமே கதை மணிக்கூடு எங்கள் மணிக்கூட்டோடு கட்டப்பட்டுவிடுகிறது. சித்திரை வருசத்துக்கு இன்னொரு முடிச்சு. நடுவில் உண்மையில் போனது மூன்று மாதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொங்கலன்று டொக்டர் "ரெண்டு மாசம்" என்கிறார். அப்படியென்றால் வருசத்தன்று ஐந்து மாதம். சேலைக்கு மேலே தெரிய வேண்டும். இப்போது இரண்டு பெருநாளுக்கும் இடையில் வந்த இரவுகளை எண்ணுங்கள். ஒரு கொப்பியில் கோடு போட்டால் போதும்: கதையில் இருட்டிப் பிறகு விடிந்தால் ஒரு கோடு. ஒரு பகுதி விட்ட இடத்திலேயே மற்றது தொடங்கினால் கோடு இல்லை. "ஒரு கிழமைக்குப் பிறகு" என்று வசனமோ எழுத்தோ வந்தால் ஏழு கோடு. நாலு பகுதிக்கு ஒரு நாள் என்று கதை நகர்ந்தால், மூன்று மாதத்தில் வரும் எழுபது சொச்சம் பகுதிகளில் இருபது இரவு தேறாது. பெருநாள் சொல்வது மூன்று மாதம், இரவுகள் சொல்வது இருபது நாள். வயிறு எந்த மணிக்கூட்டைக் கேட்கும்? அநேகமாகக் கதையில் எது வசதியோ அதைக் கேட்கும். ஒரு பகுதியில் தெரியாது, இன்னொன்றில் ஏழாம் மாத வளைகாப்பு நடக்கும்.

எனவே ஒரே ஒரு மணிக்கூட்டைப் பார்த்துப் பிழை சொல்லாதீர்கள். "ஆறு மாசமாப் பாக்கிறன், இன்னும் பிறக்கேல்லை" என்பது பிழைக்கு அத்தாட்சி ஆகாது. கதையில் ஒரு மாதம்தான் போயிருக்கும். கதைக்குள்ளேயே இருக்கும் இரண்டு நிலையான புள்ளிகள் ஒன்றோடொன்று முரண்பட வேண்டும். பெருநாள், பிரசவம், பள்ளிக்கூடச் சோதனை, அந்திரட்டி போன்றவை நல்ல புள்ளிகள், ஏனென்றால் அவற்றுக்கு நாள் கணக்கு உண்டு. ஒருவர் செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் வரும்வரை மற்றவர் கையில் அதே புதுக் காயக்கட்டு இருந்தால், அங்கேயும் ஒரு கேள்வி கேட்கலாம்.

இது எங்கட தமிழ் நாடகங்களில மட்டும்தானோ? இங்கிலீசுத் தொடரில இப்பிடி வராதே?

வரும். மிகவும் மதிக்கப்பட்ட தொடர்களிலேயே வந்திருக்கிறது. அமெரிக்காவின் மாஷ் தொடரை எடுங்கள். கொரியப் போரில் ஒரு இராணுவ வைத்தியசாலையின் கதை. அந்தப் போர் நடந்தது 1950 யூன் முதல் 1953 யூலை வரை, மூன்று வருடம் சொச்சம். தொடர் ஓடியது 1972 முதல் 1983 வரை, பதினொரு பருவம், 251 பகுதிகள். மூன்று வருடத்துக்குள் பதினொரு கிறிஸ்மஸ் பிடிக்காது என்பது முதல் சிக்கல்.

அதைவிடத் தெளிவான பிழை ஒன்று இருக்கிறது. நாலாம் பருவத்தில் புதுப் பொறுப்பதிகாரியாகக் கேணல் பொட்டர் வருகிறார். அவர் வரும் நாள் 1952 செப்ரெம்பர் 19 என்று தொடரே சொல்கிறது. பிறகு ஒன்பதாம் பருவத்தில் ஒரு பகுதி 1950இன் கடைசி இரவில் தொடங்கி 1951இன் கடைசி இரவில் முடிகிறது. அந்த வருடம் முழுவதும் முகாமில் பொட்டர் இருக்கிறார். அவர் இன்னும் வந்தே சேராத வருடம் அது. இரண்டு நாளும் தொடருக்குள்ளேயே சொல்லப்பட்டவை என்பதால் தப்பிக்க வழியில்லை. மேலே சொன்ன அதே முறைதான்: இரண்டு புள்ளி, நடுவில் முரண்.

அதே தொடரில் கதாநாயகன் ஹோக்கை ஆரம்பப் பகுதிகளில் தகப்பனுக்கு எழுதும் கடிதத்தில் தாயையும் சகோதரியையும் விசாரிப்பான். பிந்திய பருவங்களில் தாய் அவன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார்; சகோதரியின் பேச்சே இல்லை. எழுத்தாளர்கள் மாறினார்கள். பார்ப்பவர்கள் பழைய பகுதியைத் தேடிப் பார்க்க அந்தக் காலத்தில் வழியும் இருக்கவில்லை. இன்றைக்கு ஒரு கிழமையில் முழுத் தொடரையும் போனில் பார்த்து முடிக்கலாம். பத்து வருட இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு வசனங்களை நாங்கள் இரண்டு நாளில் கேட்கிறோம். பழைய தொடர்களின் பிழைகள் இப்போது கூடுதலாக வெளியே வருவதற்குக் காரணம் இதுதான்.

எங்கட ஊரில எடுத்த தொடரில அப்பப்பா வயலைப் பாத்திட்டு "இது ஒரே நாளில்லை" எண்டவர். எப்பிடிச் சொன்னவர்?

நெல்லைப் பார்த்துச் சொல்லியிருப்பார். இங்கே எடுக்கப்படும் தொடர்களில் நான் மிகவும் கவனிப்பதும் வயலைத்தான்.

பொடியள் சனி ஞாயிறுகளில் மட்டும் எடுப்பார்கள். நடிப்பவர்களுக்கு வேலை, கமராவும் இரவல். ஆகவே கதையில் ஒரே பின்னேரம் நடக்கும் சண்டையில் முதல் பாதி ஒரு மாதத்தில், மீதி அடுத்த மாதத்தில் எடுபடும். சட்டையைக் கழுவி மடித்து வைக்கலாம். பின்னால் நிற்கும் வயலை யார் மடித்து வைப்பது?

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். வரம்பில் அண்ணனும் தம்பியும் காணிக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். அண்ணனைக் காட்டும்போது பின்னால் பயிர் கரும்பச்சை. தாளின் மேல்பகுதி உப்பியிருக்கிறது, கதிர் வெளியே வரவில்லை. அதுதான் குடலைப் பருவம். தம்பியைக் காட்டும்போது கதிர் வளைந்து, வயல் பொன்னிறத்துக்குத் திரும்பியிருக்கிறது. நகரத்தில் இருப்பவருக்கு இரண்டும் "வயல்"தான். அப்பப்பாவுக்கு அங்கே ஒரு கலண்டர் தெரிகிறது.

அவர் கணக்கு இப்படி ஓடும். நெல் மூன்று மாத இனமோ, மூன்றரை மாத இனமோ, நாலு மாத இனமோ, பூத்ததிலிருந்து அறுப்பு வரை அண்ணளவாக ஒரு மாதம்தான். இனங்களுக்குள் உள்ள வித்தியாசம் எல்லாம் பூப்பதற்கு முந்திய காலத்தில்தான் இருக்கிறது. குடலையிலிருந்து கதிர் வெளிவர ஒரு கிழமை, பத்து நாள். ஆகவே குடலைக்கும் வளைந்த பொன்னிறக் கதிருக்கும் இடையில் ஒரு மாதத்துக்குக் கிட்டப் போயிருக்க வேண்டும். என்ன இனம் என்று தெரியாமலே இதைச் சொல்லிவிடலாம். அண்ணன் கேட்ட கேள்விக்குத் தம்பி ஒரு மாதம் கழித்துப் பதில் சொல்லியிருக்கிறான்!

இதற்கு எல்லையும் உண்டு. பக்கத்து வயலைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒருவர் முந்தி விதைத்திருப்பார், மற்றவர் மழை பார்த்துப் பிந்தி விதைத்திருப்பார். ஒரே நாளில் ஒரு வரம்பின் இரண்டு பக்கமும் இரண்டு பருவத்தில் நிற்கலாம். கமரா திரும்பினால் பின்னணியில் வேறு வயல்தான் வரும். அதே வயல்தான் என்று நிச்சயப்படுத்த அசையாத ஒன்று வேண்டும்: ஒரு பனை, வாய்க்கால் மதகு, லைட் போஸ்ட். அது இரண்டு துண்டிலும் ஒரே இடத்தில் நின்று, நெல் மட்டும் மாறியிருந்தால் சந்தேகமில்லை.

குளமும் இப்படித்தான். மாரிமழை பெய்து முடியும் மார்கழி, தையில் இரணைமடு நிறைந்து நிற்கும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து, கச்சான் காற்றும் அடித்து ஓய்ந்த பிறகு, ஆவணி புரட்டாதியில் கரை வெகுதூரம் உள்ளே போயிருக்கும். காதலர் இருவரும் அணைக்கட்டில் கதைக்கும் ஒரே காட்சியில் தண்ணீர் கிட்டவும் தூரவும் போய்வந்தால், இங்குள்ள சின்னப்பிள்ளையும் சிரிக்கும்.

2004இல நடக்கிற கதையெண்டு போட்டிட்டு, ஆள் கிளிநொச்சி ஸ்ரேசனில கோச்சியால இறங்குறார். சரியோ?

பிழை. 1990இல் வடக்கு ரயில் நின்றது. அதன் பிறகு வவுனியாவோடு சரி. கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்தது 2013 செப்ரெம்பரில், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில். 2004இல் ஆள் வர வேண்டியது ஏ9 வீதியால்.

காசும் கவனிக்க வேண்டியது. 5000 ரூபாத் தாள் 2011இல்தான் முதன்முதலாகப் புழக்கத்துக்கு வந்தது. 2004இல் சீதனக் காசு எண்ணும் காட்சியில் அது வந்தால் முடிந்தது. 1000 ரூபாத் தாள் என்றாலும் பழைய வடிவமாக இருக்க வேண்டும்.

இதைக் கால முரண் என்று வேறாக வைப்பவர்களும் இருக்கிறார்கள், ஏனென்றால் ஒரு காட்சி மற்றக் காட்சியோடு முட்டவில்லை, உண்மை உலகத்தோடு முட்டுகிறது. ஆனால் நீண்ட தொடரில் இரண்டும் கலந்துவிடும்: பத்தாம் பகுதியில் பஸ்ஸில் வந்த அதே ஆள், அதே வருடத்தில், நாற்பதாம் பகுதியில் ரயிலில் வருவார்.

சேலைத் தலைப்பு திடீரெண்டு வலது தோளில கிடக்குது. திரும்பக் கட்டினவவோ?

இல்லை, படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இருவர் கதைக்கும்போது ஒருவர் இடது பக்கமும் மற்றவர் வலது பக்கமும் பார்க்க வேண்டும். கமராவைப் பிழையான பக்கத்தில் வைத்து எடுத்துவிட்டால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போல் வரும். திரும்ப எடுக்க நேரமில்லை என்றால் தொகுக்கும்போது கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலம் மாற்றிவிடுவார்கள். சேலைத் தலைப்பு வலது தோளுக்குப் போகும், மூக்குத்தி பக்கம் மாறும், ஆம்பிளையின் சட்டைப் பை வலது நெஞ்சுக்கு வரும், தலை உச்சி மறுபக்கம் பிரியும். சுவரில் எழுத்து இருந்தால் உடனே தெரியும். முகம் மட்டும் தெரியும் துண்டில் மச்சத்தைப் பாருங்கள்.

"இவருக்குப் பதில் இவர்" எண்டு போடுறது பிழையில்லையோ?

பிழையில்லை. ஆள் மாறியதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். புதியவர் வந்த பிறகு பழைய கலியாணப் படம் சுவரில் அப்படியே பழைய முகத்தோடு தொங்கினால், அது பிழை.

பிழை வெளிவந்த பிறகு திருத்தலாமோ?

இணையத்தில் ஓடும் தொடரில் திருத்தலாம். கேம் ஒஃப் த்ரோன்ஸ் கடைசிப் பருவத்தின் நாலாம் பகுதி 2019 மே 5 ஒளிபரப்பானது. அரண்மனை விருந்துக் காட்சியில் மேசையில் இந்தக் காலத்துக் கோப்பிக் கப் ஒன்று. பார்த்தவர்கள் காட்சியை நிற்பாட்டிப் படமெடுத்துப் பரப்ப, இரண்டு நாளுக்குள் அதை ஒளிபரப்பிய எச்.பி.ஓ. தன் இணையப் பிரதியிலிருந்து அந்தக் கப்பை அழித்துவிட்டது. அசையாத கமரா, மேசையில் சும்மா இருக்கும் பொருள் என்றால் அழிப்பது சுலபம்.

காலப் பிழையை இப்படி அழிக்க முடியாது. பொட்டர் வந்த நாளை மாற்ற வேண்டுமென்றால் வசனத்தை மாற்ற வேண்டும், அந்த வசனத்தை நம்பி எழுதிய மற்றப் பகுதிகளையும் மாற்ற வேண்டும்.

ஒரு பிழையைப் பிடித்தால் பகுதி எண்ணையும் நிமிடத்தையும் குறித்து வையுங்கள். ரிவியில் பார்த்ததும் யூடியூப்பில் இருப்பதும் ஒரே பிரதியாக இருக்க வேண்டும் என்றில்லை. சில காட்சிகளை வெட்டிப் போடுவார்கள். வெட்டிய இடத்தில் உடை மாறுவது எடுத்தவரின் குற்றம் இல்லை.

நாங்கள் நாலைஞ்சு பேர்தான் தொடர் எடுக்கிறம். இதுக்கெண்டு தனி ஆள் இல்லை. குறைஞ்சது என்ன செய்யலாம்?

எடுக்கத் தொடங்க முன் ஒரு இரவு இருந்து எல்லாக் காட்சிக்கும் கதை நாள் எண் போடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் மாதத்தையும் எழுதுங்கள். "நாள் 3, கார்த்திகை" என்று எழுதினாலே வயல் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். ஒரு கதை நாளின் உடுப்பு, செருப்பு, கைப்பை எல்லாவற்றையும் ஒரே சொப்பிங் பையில் போட்டு, அதன்மேல் அந்த எண்ணை எழுதி வையுங்கள். படப்பிடிப்பு முடியும்வரை அதை வீட்டில் ஒருவரும் உடுக்கக் கூடாது.

ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் கமரா நின்ற இடத்திலிருந்தே போனால் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்த படம் உதவாது. கோணம் மாறினால் கோப்பைக்கும் தட்டுக்கும் உள்ள தூரம் வேறாகத் தெரியும். நடிகரை நிற்கச் சொல்லி முன்னாலும் பின்னாலும் ஒவ்வொன்று. பெண் பிள்ளைகளுக்குத் தலைப்பின்னல் எந்தத் தோளில் என்று தெரிய வேண்டும். படத்துக்குக் காட்சி எண்ணையே பெயராகப் போட்டால் அடுத்த மாதம் தேடும்போது கிடைக்கும்.

சுவரில் இருக்கும் கலண்டரையும் மணிக்கூட்டையும் கழற்றிவிடுங்கள். போன் திரையைக் கிட்டக் காட்ட வேண்டுமென்றால் மேலே ஓடும் நேரமும் திகதியும் தெரியாமல் எடுங்கள். சாப்பாட்டுக் காட்சியில் எல்லாரையும் உண்மையாகச் சாப்பிட வைக்காதீர்கள். சோற்றைப் பிசைந்துகொண்டு இருக்கட்டும், கோப்பையைத் தூக்க வேண்டியவர் எந்தச் சொல்லில் தூக்குவது என்று முதலே தீர்மானிக்கட்டும்.

வயல் காட்சிகளை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஒரு கதை நாளுக்குரிய வயல் காட்சி எல்லாம் ஒரே கிழமைக்குள் முடிய வேண்டும்; குடலை தள்ளத் தொடங்கிய வயல் அடுத்த சனி ஞாயிறே வேறாக நிற்கும். தவறிப்போனால், மீதியை எடுக்கும்போது நடிகரின் முதுகுப் பக்கம் வரம்போ, பனங்கூடலோ, வாய்க்கால் கட்டோ வரும்படி கமராவைத் திருப்புங்கள், நெல் படத்துக்குள் வரவே வேண்டாம். கமராவைத் தாழ வைத்து அண்ணாந்து எடுத்தால் பின்னால் வானம் மட்டும் வரும். அதிலும் முந்தி எடுத்தது மழை மூடிய வானமா, வெயில் வானமா என்று போனில் உள்ள படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு எடுங்கள்.